தோடர் பூவேலைச் சால்வை: தைத்த கையோடு ஒரு காணொளி

குரல் பதிவுக்கான முழு எழுத்து. நீளம் ஏறக்குறைய 7 நிமிடம். கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்ப 40 விநாடித் துண்டு தனியாக இருக்கிறது.

படம் பிடிக்கும் தம்பிக்கு: ஊட்டியில் நம் கடையின் மேல்மாடி ஜன்னல் ஓரம்தான் இடம். காலை 8 மணிக்கு மேல், மூடுபனி கொஞ்சம் விலகியதும் ஆரம்பிக்கலாம். டியூப்லைட்டை அணைத்துவிடு, அந்த வெளிச்சத்தில் துணியின் வெள்ளை நீலம் பூத்துப் போகிறது. ஜன்னல் துணிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வெளிச்சம் நேர் மேலேயிருந்து விழுந்தால் தையலின் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். சால்வையைத் தைத்த அக்காவின் கையில் இருக்கும் வெடிப்பையோ நகத்தையோ பிறகு கணினியில் சரி செய்ய வேண்டாம். வேறு இளம் கையை வைத்து எடுக்கலாம் என்ற பேச்சும் இனி வேண்டாம்.

குரல் கொடுப்பவருக்கு: எண் வரும் இடங்களில் ஒரு மூச்சு நின்று சொல்லுங்கள். பின்னணி இசை கிடையாது. துணியைத் தடவும் சத்தம் கேட்க வேண்டும்.

0:00
படம்: திரை முழுக்க வெள்ளைத் துணி, சிவப்புக் கறுப்புப் பூவேலை. வேறு எதுவும் இல்லை. ஐந்து விநாடி அப்படியே நிற்கட்டும்.

குரல்: இது எவ்வளவு பெரிய துணி என்று உங்களால் சொல்ல முடிகிறதா? கைக்குட்டையாக இருக்கலாம். கட்டில் விரிப்பாகவும் இருக்கலாம்.

படம்: இடப்பக்கத்திலிருந்து அக்காவின் கை வந்து துணிமேல் படிகிறது.

குரல்: இப்போது சொல்லலாம்.

போன குளிர்காலத்தில் எங்களிடம் ஒரு சால்வை வாங்கிய அம்மா, பார்சலைப் பிரித்த கையோடு போன் செய்தார். படத்தில் இரண்டு பேர் போர்த்திக்கொள்கிற போர்வை மாதிரி தெரிந்ததாம். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. நாங்கள் போட்ட படத்தில் துணி மட்டும்தான் இருந்தது, பக்கத்தில் வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. அதனால் இந்த முறை, இந்தச் சால்வையைத் தைத்த அக்காவையே கூப்பிட்டு, கையைப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

0:50
படம்: மரப்பலகைமேல் அக்காவின் கை, பக்கத்தில் ஸ்கேல். முதலில் நீட்டிய கை, அப்புறம் விரித்த கை, கடைசியில் கட்டைவிரல் மட்டும்.

குரல்: முதலில் கையை அளந்துவிடுவோம். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை 17 செ.மீ. விரித்து வைத்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். அக்காவின் சாண் 19 செ.மீ. கட்டைவிரலின் அகலம் 2 செ.மீ.

வீட்டில் ஸ்கேல் இருந்தால் எடுத்து, உங்கள் கையையும் இதே மாதிரி வைத்துப் பாருங்கள். காணொளியை நிறுத்திவிட்டே அளக்கலாம். உங்கள் சாண் 21 செ.மீ. என்றால், திரையில் பார்க்கும் அக்காவின் கையை உங்கள் கையைவிடச் சின்னது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1:40
படம்: தரையில் பாய், அதன்மேல் சால்வை முழுதாக. அக்கா சாண் சாணாக அளந்துகொண்டு நகர்கிறார். வேகமாக ஓட்ட வேண்டாம், அவர் அளக்கிற வேகத்திலேயே இருக்கட்டும்.

குரல்: நீளம் 11 சாண், அதாவது 209 செ.மீ. அகலம் 5 சாண், 95 செ.மீ. கைத்தறித் துணி என்பதால் ஒன்றுக்கொன்று 2 செ.மீ. கூடலாம், குறையலாம்.

இரண்டு முனையிலும் பூவேலைப் பட்டை இருக்கிறது. அதன் உயரம் 15 செ.மீ. அக்கா உள்ளங்கையைப் பட்டைமேல் வைக்கிறார். நடுவிரல் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தோடர் மக்கள் உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி இரட்டைத் துணி. அதன் மடிப்பே வேறு, கனமே வேறு. இது அதே பூவேலையை ஒற்றைத் துணியில் போட்ட தோள் சால்வை. இதைப் பூத்துக்குளி என்று சொல்லி விற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

2:45
படம்: மிக நெருக்கத்தில் வெறும் வெள்ளைப் பகுதி. அக்காவின் கட்டைவிரல் அதன்மேல்.

குரல்: பூவைப் பார்ப்பதற்கு முன்னால் துணியைப் பாருங்கள். இழை இழையாகக் கண்ணுக்குத் தெரிகிறதா? சன்னமான மல் துணி இல்லை இது, முரட்டுப் பருத்தி. ஒரு செ.மீ.க்குள் 9 இழை. அப்படியென்றால், அக்காவின் கட்டைவிரலுக்கு அடியில் மட்டும் 18 இழை இருக்கிறது.

இந்தக் கணக்கை எதற்குச் சொல்கிறேன் என்றால், பூவேலை முழுவதும் இந்த இழைகளை எண்ணித்தான் நடக்கிறது. துணியில் பென்சிலால் எதுவும் வரைவதில்லை. அச்சு வைப்பதில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இல்லை. மடியில் துணியைப் போட்டுக்கொண்டு, நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் எண்ணி, ஊசியை விடுகிறார்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக 855 இழை. ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்கு மறுபடி எண்ண வேண்டும். அக்கா எண்ணும்போது உதடு லேசாக அசையும். அப்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

3:45
படம்: பூவேலைப் பட்டை, பக்கவாட்டு வெளிச்சம். கை மெதுவாக வெள்ளையிலிருந்து சிவப்புக்கு நகர்கிறது. இங்கே மைக்கைத் துணிக்குப் பக்கத்தில் வை. முதல் ஆறு விநாடி குரல் வேண்டாம், தடவும் சத்தம் மட்டும்.

குரல்: கேட்டதா? வெள்ளைத் துணியில் கை போகும்போது ஒரு சத்தம், பூமேல் ஏறியதும் வேறு சத்தம்.

நூலை இழுக்கும்போது அக்கா முழுக்க இறுக்குவதில்லை. வேண்டுமென்றே துளி நூலை மேலே விடுகிறார். அது சின்னச் சின்ன மொட்டாக எழுந்து நிற்கிறது. பக்கத்திலிருந்து பாருங்கள், ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு நிழல் விழுகிறது. உயரம் என்று பார்த்தால் ஒரு விரல் நகத்தின் தடிமன்தான் இருக்கும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூட வெள்ளை எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

அதோ, அக்காவின் விரல் வெடிப்பில் ஒரு நூல் சிக்கிக்கொண்டு வருகிறது பாருங்கள். ஊட்டிக் குளிரில் வெடித்த விரல் அது. இந்த நூல் எவ்வளவு உயிரோடு எழுந்து நிற்கிறது என்பதைக் காட்ட எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

படம்: துணியைத் திருப்புகிறார்.

குரல்: இது மறுபக்கம். இங்கே வழவழப்பாக, தறியில் நெய்தது போலவே இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை நெசவு என்றுதான் நினைக்கிறார்கள். தோடர்கள் முகப்பாக எடுத்துக்கொள்வது அந்தக் கரடான பக்கத்தை. நீங்கள் எந்தப் பக்கத்தை வெளியே காட்டினாலும் நன்றாகவே இருக்கும்.

தோடர் மொழியில் இந்த வேலைக்குப் புகூர் என்று பெயர். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இதே சிவப்பு, இதே கறுப்பு, இதே கோலத்தை அச்சடித்த துணிகள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். கையில் எடுத்தால் ஏமாற மாட்டீர்கள். அச்சுத் துணியில் மொட்டு கிடையாது, விரல் தங்குதடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

5:20
படம்: அக்கா சால்வையை இரண்டாக, நான்காக மடித்து, உள்ளங்கைமேல் தூக்கிக் காட்டுகிறார். பிறகு தோளில் போடுகிறார். முகம் வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், கழுத்துக்குக் கீழே மட்டும் எடு.

குரல்: எடை 560 கிராம், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தோளில் போட்டால் நழுவாமல் நிற்கும். முன்பக்கம் இரண்டு முனையும் இடுப்புக்குக் கீழே வரை தொங்கும். பூவேலை முழுவதும் அந்த முனைகளில்தான் இருக்கிறது என்பதால், நடந்தால் எதிரே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பஷ்மினா மாதிரி மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதிதில் கழுத்தில் கொஞ்சம் உறுத்தும். நாலைந்து முறை அலசிய பிறகு பதமாகிவிடும். ஊட்டியின் ஜனவரி ராத்திரிக்கு இது ஒன்று மட்டும் போதாது, உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். சென்னைக்கும் மதுரைக்கும் மார்கழிக் காலையில் தாராளமாகப் போதும்.

பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் காயப்போடுங்கள். பூவேலைமேல் இஸ்திரி போட வேண்டாம். மொட்டெல்லாம் படுத்துவிடும்.

6:30
படம்: பூவேலைப் பட்டையின் இடது ஓரம், நெருக்கத்தில். அக்காவின் சுண்டுவிரல் ஓர் இடத்தைத் தொடுகிறது.

குரல்: இந்த இடத்தில் பூ ஓர் இழை தள்ளி விழுந்திருக்கிறது. அக்காவே காட்டிக் கொடுத்தார். பிரித்துப் போடவா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தச் சால்வை உங்களுக்கு வந்தால் இடது ஓரத்தில் தேடிப் பாருங்கள், சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப் துண்டு, 40 விநாடி
படம்: கை வந்து துணியில் படிவது, சாண் அளப்பது, பூமேல் விரல் ஏறுவது, தோளில் போடுவது. இந்த வரிசையில்.

குரல்: இது தைத்தவரின் கை. ஒரு சாண் 19 செ.மீ. சால்வை 11 சாண் நீளம், 5 சாண் அகலம். முரட்டுப் பருத்தித் துணி, இழை எண்ணிப் போட்ட தோடர் பூவேலை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள், பூ எங்கே ஆரம்பிக்கிறது என்று காதுக்கே தெரியும். எடை 560 கிராம். இரட்டைத் துணிப் பூத்துக்குளி இல்லை, ஒற்றைத் துணித் தோள் சால்வை. உங்கள் சாண் அளவை ஒருமுறை ஸ்கேலில் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.