நேரடி முறையில் இயக்க நடவடிக்கைகளின் ரொக்க ஓட்டம்: தீர்வுடன் ஒரு கணக்கு

ஈரோட்டில் விசைத்தறித் துணி நெய்து விற்கும் ஒரு தனியார் லிமிடெட் நிறுவனம். 2024 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கான அதன் பெறுதல்கள், செலுத்தல்கள் சுருக்கம் கீழே உள்ளது. தொகைகள் ஆயிரம் ரூபாயில்.

| பெறுதல்கள் | தொகை | செலுத்தல்கள் | தொகை |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு (ரொக்கம், வங்கி) | 650 | ரொக்கக் கொள்முதல் | 740 |
| ரொக்க விற்பனை | 1,850 | நூல் சப்ளையர்களுக்கு | 5,960 |
| கடனாளிகளிடம் வசூல் | 9,420 | கூலி, சம்பளம் | 1,880 |
| வைப்பு நிதி வட்டி | 60 | மின்சாரம், வாடகை, அலுவலகச் செலவு | 690 |
| நிலம் விற்பனை | 300 | வருமான வரி | 345 |
| பங்கு வெளியீடு | 1,000 | புதிய தறிகள் | 1,600 |
| வருமான வரி ரீஃபண்ட் | 35 | வங்கிக் கடன் தவணை | 800 |
| | | கடன் வட்டி | 210 |
| | | பங்காதாயம் | 250 |
| | | இறுதி இருப்பு | 840 |
| மொத்தம் | 13,315 | மொத்தம் | 13,315 |

கூடுதல் விவரம்: ஆண்டின் தேய்மானம் 420. கல்லாவிலிருந்து வங்கியில் கட்டிய ரொக்கம் 900. செலுத்திய வருமான வரியில் 25, நிலம் விற்ற ஆதாயத்தின் மீதானது.

முதலில் ஒதுக்க வேண்டியவை

தேய்மானத்தைத் தொடவே வேண்டாம். மறைமுக முறையில் லாபத்தோடு கூட்டுகிறோமே, இங்கேயும் கூட்ட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே லாபத்தில் தொடங்குவதால்தான், பணமாக வெளியே போகாமல் கழிக்கப்பட்டதைத் திருப்பிக் கூட்டுகிறோம். நேரடி முறையில் லாபமே வருவதில்லை, பணத்திலேயே தொடங்குகிறோம். அப்புறம், வங்கியில் கட்டிய 900. கல்லாவும் வங்கியும் நமக்கு ஒரே ரொக்கம்தான். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் போட்டால் நிறுவனத்துக்குள் எதுவும் வரவுமில்லை, வெளியே போகவுமில்லை. அதனால்தான் சுருக்கத்திலும் அது இடம்பெறவில்லை.

எது இயக்கம், எது இல்லை

துணி விற்ற பணம், நூலுக்கும் கூலிக்கும் மின்சாரத்துக்கும் போன பணம் எல்லாம் இயக்கம். இதில் யாருக்கும் சந்தேகம் வராது. மாணவர்கள் மதிப்பெண் இழப்பது வட்டியிலும் வரியிலும்தான், ஆகவே அங்கே கொஞ்சம் நிதானிப்போம்.

கணக்கியல் தரம் 3-இன்படி, நிதி நிறுவனம் அல்லாத ஒன்று பெறும் வட்டி முதலீட்டு நடவடிக்கை. செலுத்தும் வட்டியும் பங்காதாயமும் நிதி நடவடிக்கை. எனவே 60, 210, 250 மூன்றும் இங்கிருந்து வெளியேறுகின்றன. இதே கேள்வி ஒரு வங்கியைப் பற்றி வந்தால் வட்டி வரவும் செலவும் இயக்கத்தில் வரும், ஏனென்றால் வட்டிதான் அதன் தொழில்.

வருமான வரி பொதுவாக இயக்கம். ஆனால் முதலீட்டு அல்லது நிதி நடவடிக்கையோடு நேரடியாக அடையாளம் காண முடிந்த பகுதியை அங்கேயே கொண்டு போக வேண்டும். நிலம் விற்ற பணம் முதலீட்டில் இருக்க, அதற்கான வரி மட்டும் துணி வியாபாரத்தின் தலையில் விழுவது நியாயமில்லை. ஆகவே 345-இல் 25 முதலீட்டுக்குப் போகிறது, 320 இங்கே நிற்கிறது. ரீஃபண்ட் 35-க்கு அப்படிப்பட்ட தனித் தொடர்பு எதுவும் சொல்லப்படவில்லை. அதனால் அதுவும் இயக்கமே.

தீர்வு: இயக்க நடவடிக்கைகளின் ரொக்க ஓட்டம்

| விவரம் | தொகை |
|---|---|
| வாடிக்கையாளர்களிடம் பெற்றது (1,850 + 9,420) | 11,270 |
| சப்ளையர்களுக்குச் செலுத்தியது (740 + 5,960) | (6,700) |
| கூலி, சம்பளம் | (1,880) |
| இதர இயக்கச் செலவுகள் | (690) |
| இயக்கத்தில் உருவான ரொக்கம் | 2,000 |
| வருமான வரி, ரீஃபண்ட் கழித்து (320 − 35) | (285) |
| இயக்க நடவடிக்கைகளின் நிகர ரொக்கம் | 1,715 |

வரிக்கு முன்னால் ஒரு துணைக் கூட்டல் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தறி ஓடியதால் மட்டும் எவ்வளவு பணம் வந்தது என்பது அந்த 2,000-த்தில் தெரிகிறது. கடன் தரும் வங்கி மேலாளர் முதலில் தேடுவதும் இந்த மாதிரி எண்ணைத்தான்.

சரிபார்ப்பு

கேள்வி இயக்கத்தை மட்டும் கேட்டாலும் மற்ற இரண்டையும் ஓரத்தில் போட்டுப் பாருங்கள். முதலீடு: 300 − 25 + 60 − 1,600 = (1,265). நிதி: 1,000 − 800 − 210 − 250 = (260). இப்போது 1,715 − 1,265 − 260 = 190. தொடக்க இருப்பு 650-உடன் சேர்த்தால் 840, சரி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு தொகையைத் தவறான பிரிவில் போட்டாலும் 840 வந்துவிடும். கடன் வட்டி 210-ஐ இயக்கத்தில் கழித்திருந்தால் இயக்கம் 1,505, நிதி (50) என்று மாறும், கூட்டல் அதேதான். விட்டுப்போன தொகையைத்தான் இந்தச் சரிபார்ப்பு காட்டும். பிரிவு சரியா என்பதை ஒவ்வொரு வரியையும் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

வசூல் தொகை கொடுக்கப்படாவிட்டால்

சில கேள்விகளில் 9,420 நேரடியாக இருக்காது. அப்போது கடனாளிகள் கணக்கைப் போட வேண்டும். இதே நிறுவனத்தில் தொடக்கக் கடனாளிகள் 1,480, கடன் விற்பனை 9,600, அளித்த தள்ளுபடி 45, வாராக்கடன் 55, இறுதிக் கடனாளிகள் 1,560 என்று வைத்துக்கொள்வோம்.

```
1,480 + 9,600 − 45 − 55 − 1,560 = 9,420
```

தள்ளுபடியும் வாராக்கடனும் கடனாளிகளைக் குறைக்கின்றன, ஆனால் பணத்தைக் கொண்டுவருவதில்லை. இந்த 100-ஐக் கழிக்க மறந்தால் வசூல் 9,520 ஆகி, இறுதி இருப்பு 840-க்குப் பதில் 940 என்று நிற்கும்.