மாந்தோட்டம் அமைத்தல்: இடைவெளி, குழி, மர வடிவமைப்பு (களப்பயிற்சிக்கு முன் படிக்க வேண்டிய குறிப்பு)

அடுத்த வாரம் நாம் போகும் நிலம் நத்தம் பக்கத்தில் இருக்கிறது. செம்மண். வடக்குத் தெற்காக 100 மீட்டர், கிழக்கு மேற்காக 80 மீட்டர், அதாவது ஏறக்குறைய 2 ஏக்கர். மேற்கு வரப்பை ஒட்டிப் பக்கத்து நிலத்தின் தென்னை வரிசை நிற்கிறது. ஒரு கிணறு உண்டு, ஆனால் மே மாதம் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். நிலக்காரரும் அவர் மனைவியும்தான் வேலை பார்க்கிறார்கள், கவாத்துக்கும் அறுவடைக்கும் மட்டும் ஆள் வைப்பார்கள். இந்த நிலத்தில் மா ஒட்டுக்கன்றுகள் நடத் திட்டம் போடுவதுதான் உங்கள் வேலை.

எத்தனை மரம் நடலாம் என்று கேட்டால் பலரும் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த மரத்தை எந்த அளவுக்கு வளர விடப் போகிறோம்? இடைவெளியும் மரத்தை வளர்க்கும் வடிவமும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். 5 மீட்டரில் நடுகிறவர், ஒவ்வொரு வருடமும் கவாத்து செய்வேன் என்று ஒப்புக்கொண்டுதான் நடுகிறார்.

சில வருடங்களுக்கு முன் 5 மீட்டரில் நட்டு, கவாத்தே செய்யாமல் விட்ட ஒரு தோட்டத்தைப் பார்த்தேன். ஒன்பதாவது வருடம் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் காய்ந்த குச்சிகள்தான், இலையும் காயும் உச்சியில் மட்டும். மருந்து தெளிப்பும் எட்டவில்லை, தொரட்டியும் எட்டவில்லை. கடைசியில் ஒன்றுவிட்டு ஒரு மரத்தை ரம்பம் போட்டு அறுத்தார்கள். காய்க்கும் வயதில் மரத்தை வெட்டுவது எவ்வளவு வலி என்று அந்த நிலக்காரரின் முகத்தில் தெரிந்தது. நடும்போது எடுத்த முடிவுக்கு ஏற்ற பராமரிப்பு இல்லாததுதான் காரணம்.

இடைவெளியும் எண்ணிக்கையும்

சதுர முறையில் கணக்கு எளிது: நிலப்பரப்பை ஒரு மரத்துக்கான பரப்பால் வகுத்தால் போதும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 100 மரம், 10-க்கு 5 என்றால் 200, 5-க்கு 5 என்றால் 400. மிக அடர் நடவான 3-க்கு 2 மீட்டரில் ஏக்கருக்கு 674 கன்று வரை போகிறது. முக்கோண முறையில், அதாவது அறுகோணமாக நட்டால், வரிசைகளுக்கு இடையிலான தூரம் மர இடைவெளியில் 0.866 மடங்காகக் குறைகிறது. அதனால் சதுரத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் மரம் கூடுதலாக வரும். ஆனால் உழவு ஓட்டுவது சிக்கலாகும். சதுரத்தின் நடுவில் ஐந்தாவதாக ஒரு மரம் வைக்கும் முறையும் உண்டு. அந்த நடு இடத்துக்குப் பப்பாளி மாதிரிக் குறைந்த ஆயுள் உள்ளதை வைத்து, மா விரிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மனசு வராதவர்களுக்கு அந்த முறை வேண்டாம். சரிவு அதிகமான நிலத்தில் இந்த வடிவம் எதுவும் சரிப்படாது. அங்கே சமமட்டக் கோட்டில் நட வேண்டும்.

ரகமும் இதில் பேசும். தசேரியையும் நீலத்தையும் கலந்து உருவாக்கிய அம்ரபாலி குட்டையாக நிற்கும். அதை 2.5 மீட்டரில் நட்டு ஹெக்டேருக்கு 1,600 மரம் வைக்க முடிகிறது. பங்கனப்பள்ளியை அப்படி நெருக்கினால் அது கேட்காது.

சரி, நம் நிலத்துக்கு வருவோம். 8,000 சதுர மீட்டர். 3-க்கு 2 மீட்டர் வேண்டாம் என்பது என் முடிவு. மே மாதம் கிணறு வற்றும் இடத்தில், இரண்டு பேர் பார்க்கும் தோட்டத்தில், ஆயிரத்துக்கு மேல் கன்றுகளைக் கவாத்து செய்து நீர் கொடுப்பது நடக்காது. 10 மீட்டர் சதுரத்தில் 80 மரம்தான் வரும், முதல் பத்து வருடம் நிலத்தில் பாதி சும்மா கிடக்கும். 5 மீட்டர் சதுரம் அவர்களால் முடியும்.

காகிதத்தில் 8,000-ஐ 25-ஆல் வகுத்தால் 320 கன்று. நிலத்தில் அத்தனை வராது. வடக்கிலும் தெற்கிலும் டிராக்டர் திரும்ப 5 மீட்டர் விட வேண்டும், மீதி 90 மீட்டரில் வரிசைக்கு 19 மரம். கிழக்கு வரப்பிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி முதல் வரிசையைத் தொடங்கினால் 16 வரிசை வரும். ஆனால் பதினாறாவது வரிசை தென்னையின் நிழலிலும் வேரிலும் மாட்டும். அதை விட்டுவிடலாம். 15 வரிசை, 19 மரம், மொத்தம் 285. பட்டுப்போகும் கன்றுகளுக்கு மாற்றாக ஒரு முப்பது கன்று சேர்த்து வாங்கி, கிணற்றடி நிழலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரிசை வடக்குத் தெற்காக ஓடட்டும். காலை வெயில் கிழக்குப் பக்கமும் மாலை வெயில் மேற்குப் பக்கமும் விழும். இரு பக்கமும் காய்க்கும்.

அளந்து முளை அடித்தல்

முதலில் கிழக்கு எல்லைக்கு இணையாக ஓர் அடிக்கோடு. அதன் மூலையில் செங்குத்து எடுக்க 6, 8, 10 மீட்டர் கயிறு முக்கோணம் போடுங்கள். 3, 4, 5 என்றாலும் அதே கணக்குதான், ஆனால் சிறிய முக்கோணத்தில் வரும் சிறு பிழை 70 மீட்டர் போவதற்குள் பெரிதாகிவிடும். நான்கு மூலையும் அடித்த பிறகு குறுக்காக அளந்து பாருங்கள். நம் நடவுப் பரப்பு 90-க்கு 70 மீட்டர், ஆகவே இரண்டு மூலைவிட்டமும் 114 மீட்டர் வர வேண்டும். ஒன்று 113, மற்றொன்று 115 என்றால் பரப்பு சாய்ந்திருக்கிறது, திரும்ப அடியுங்கள். டேப்பைத் தரையில் படுக்கவிட்டுச் சரிவோடு அளக்காதீர்கள். கிடைமட்டமாக இழுத்துப் பிடியுங்கள்.

முளை அடித்த இடத்தில்தான் குழி வரும், குழி எடுத்தால் முளை போய்விடும். இதற்குத்தான் நடவுப் பலகை. ஒன்றரை மீட்டர் நீளப் பலகை, நடுவில் ஒரு வெட்டு, இரு முனையிலும் ஒவ்வொரு வெட்டு. நடு வெட்டை முளையில் பொருத்தி, இரு முனை வெட்டுகளிலும் சிறு குச்சிகளை அடித்துவிட்டு, பலகையையும் நடு முளையையும் எடுத்துவிட வேண்டும். குழி ஒரு மீட்டர் என்பதால் முனைக் குச்சிகள் குழிக்கு வெளியே பத்திரமாக நிற்கும். நடும் நாளில் பலகையைத் திரும்ப அந்தக் குச்சிகளில் பொருத்தினால், நடு வெட்டு காட்டும் இடம்தான் கன்றின் இடம். குச்சியைப் பிடுங்கிப் போடாமல் இருக்கக் குழி எடுப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

குழி

மாவுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். கொய்யாவுக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் போதும். கோடையில் எடுத்து, இரண்டு முதல் நான்கு வாரம் வெயிலில் காயவிட வேண்டும். புழுவும் களைவேரும் அதில் ஒடுங்கும்.

எடுக்கும்போது மேல் 30 சென்டிமீட்டர் மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறு பக்கமும் குவியுங்கள். மேல்மண்ணை 10 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து குழியை நிரப்ப வேண்டும் என்று படித்திருப்பீர்கள். ஒரு கன மீட்டர் குழியில் மேல்மண் 0.3 கன மீட்டர்தான் கிடைக்கும். மீதிக்குச் சுற்றியுள்ள மேல்மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும், அதுவும் போதாவிட்டால் நல்ல அடிமண்ணை மேலே போடலாம். தொழு உரம் கைக்குப் பொலபொலவென்று உதிர வேண்டும், சாண வாடை அடிக்கக் கூடாது. மக்காத சாணத்தைப் போட்டால் குழிக்குள் சூடேறும், கரையானும் வரும்.

கடப்பாரை டங்கென்று கேட்டால் நின்று பாருங்கள். செம்மண்ணுக்கு அடியில் சுக்கான் அடுக்கு இருக்கலாம். அதை உடைக்காமல் விட்டால் குழி தொட்டியாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு குழியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் போய்ப் பாருங்கள், தேங்கி நின்றால் அங்கே மா வராது. துளைக்கும் இயந்திரத்தால் எடுத்த குழியில் சுவர் வழவழப்பாக இறுகியிருக்கும், வேர் அதைத் துளைக்காமல் உள்ளேயே சுற்றும். கடப்பாரையால் நான்கு பக்கமும் கொத்திக் கரடாக்கிவிட்டால் சரியாகிவிடும்.

நிரப்பும்போது தரைமட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் கூடுதலாகக் குவியுங்கள், ஒரு மழையில் அமர்ந்துவிடும். மண் அமர்ந்த பிறகுதான் நட வேண்டும். அமராத குழியில் நட்டால் கன்றும் சேர்ந்து கீழே இறங்கும், ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போய்விடும். நம் பகுதிக்குச் செப்டம்பர் நல்ல நேரம், பின்னால் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும். பையைக் கிழித்து, மண் உருண்டை உடையாமல் வைத்து, ஒட்டுப் பகுதி தரைக்கு மேல் 15 சென்டிமீட்டராவது இருக்கும்படி நடுங்கள். ஒட்டுக் கட்டு இன்னும் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். காற்றடிக்கும் பக்கம் ஒரு குச்சி நட்டு எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்ட வேண்டும்.

மரத்துக்கு வடிவம்

ஒற்றை நடுத்தண்டாக உயர விடுவது ஒரு முறை, ஆப்பிளில் பார்க்கலாம். நடுவைத் திறந்து கிண்ணம் போல் விரிப்பது இன்னொரு முறை, பீச்சுக்கு அதுதான். நடுத்தண்டைக் கொஞ்ச காலம் வளரவிட்டு, பக்கக் கிளைகள் அமைந்ததும் நிறுத்துவது இரண்டுக்கும் நடுவிலானது. கொடிக்கு வேறு வழி. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தலில் ஏற்றுகிறார்கள். ஒரே தண்டைப் பந்தல் உயரம்வரை கொண்டுபோய், நுனியைக் கிள்ளி, எதிரெதிராக இரண்டு கைகளைப் படரவிடுவார்கள்.

எந்த வடிவம் என்பதை முடிவு செய்வது காய்க்கும் இடம். கொய்யா புதிதாக வரும் தளிரில் பூக்கும், வெட்ட வெட்டக் காய்க்கும். அதனால்தான் 2-க்கு 1 மீட்டரில், ஹெக்டேருக்கு 5,000 கன்று என்று வைக்க முடிகிறது. மா அப்படியல்ல. முதிர்ந்த கிளையின் நுனியில்தான் பூக்கும். அறுவடை முடிந்த உடனே வெட்டினால் தளிர் வந்து முதிர நேரம் கிடைக்கும். தள்ளிப்போட்டு அக்டோபரில் வெட்டினால் அடுத்த பூ போய்விடும்.

நம் கன்றுகளுக்குத் திட்டம் இது. வேர் பிடித்து, தண்டு பென்சிலைவிடத் தடித்ததும் 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் நுனியை வெட்டுங்கள். பல தளிர்கள் வரும். வெவ்வேறு திசையில் போகும் மூன்று அல்லது நான்கை மட்டும் விடுங்கள். அவை ஒரே கணுவில் கொத்தாக இருக்கக் கூடாது, தண்டில் மேலும் கீழுமாக இடைவெளியோடு இருந்தால் காய்ப் பாரத்தில் பிளக்காது. தண்டோடு ஒட்டி நிமிர்ந்து வரும் கிளையை, இளசாக இருக்கும்போதே கயிற்றால் இழுத்துக் குச்சியில் கட்டிச் சாய்க்கலாம். அந்தக் கிளைகள் 60 சென்டிமீட்டர் வந்ததும் மறுபடி நுனி வெட்டு. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து தளிர் வந்தால் பார்த்த உடனே கிள்ளுங்கள். விட்டால் அதுதான் மரமாகும், ஒட்டு சாகும்.

முதல் மூன்று வருடம் பூங்கொத்து வந்தால் உருவிவிட வேண்டும். நிலக்காரர் இதற்குச் சம்மதிக்க மாட்டார், அவரிடம் பொறுமையாகப் பேசுங்கள். அந்த வருடங்களில் வரிசைகளுக்கு இடையில் நிலக்கடலையோ கொள்ளோ போட்டால் கைச்செலவுக்கு ஆகும், ஆனால் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் சும்மா இருக்கட்டும்.

களப்பயிற்சிக்கு ஒவ்வொரு குழுவும் 50 மீட்டர் டேப், தேங்காய் நார்க் கயிறு, 60 முளைகள், ஒரு நடவுப் பலகை கொண்டு வர வேண்டும். காலை 7 மணிக்குக் கிழக்கு வரப்பில் அடிக்கோடு போடத் தொடங்குவோம்.