பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ்: தள்றது எது, தடுக்கறது எது (வியாழக்கிழமை கமிட்டி மீட்டிங்குக்கு முன்னாடி படிக்க)

பிரின்சிபல் சாருக்கும் கமிட்டி மெம்பர்ஸ் அஞ்சு பேருக்கும் வணக்கம். போன மீட்டிங்ல "எல்லாரும் ஒத்துக்குவாங்க, எவன் எதுக்கறான்னு பாத்துக்கலாம்"னு செகரட்டரி சார் சொன்னாரு, அப்புறம் என்னையவே யார் யார் என்ன நினைக்கறாங்கன்னு விசாரிச்சு எழுதச் சொல்லிட்டீங்க. மூணு வாரமா கேன்டீன், பஸ் ஸ்டாண்டு, ஸ்டாஃப் ரூம், தோட்டம்னு சுத்தி ஒரு முப்பது பேருகிட்ட பேசிருப்பேன். அதத்தான் குர்ட் லெவின் சொன்ன முறையில போட்டிருக்கேன். ஒரு விஷயம் இன்னிக்கு இப்படி இருக்குதுன்னா அத ஒரு பக்கம் தள்ற விசையும் மறு பக்கம் தடுக்கற விசையும் சமமா நிக்கறதாலதான்னு 1940கள்லயே சொன்ன மனுசன் அவரு. ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போட்டிருக்கேன். மார்க் எல்லாம் என் கணிப்புதான், மீட்டிங்ல சண்டை போட்டு மாத்திக்கலாம்.

என்ன மாத்தப் போறோம்: ஸ்டூடண்ட்ஸ் 1,840, டீச்சிங் 96, நான் டீச்சிங் 41, எல்லாருக்கும் அடுத்த செமஸ்டர்ல இருந்து கைரேகை. கேட்டுல நாலு மெஷின்னு வெண்டர் கொட்டேஷன்ல இருக்கு.

தள்றவங்க

மேனேஜ்மெண்ட் 5. இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, காசு குடுக்கறவங்க அவங்க, முடிவும் பாதி எடுத்தாச்சு.

ஆபீஸ் அட்டெண்டன்ஸ் செக்‌ஷன் 4. இவங்கள நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். மாசக் கடைசியில 38 செக்‌ஷன் ரெஜிஸ்டர் டேபிள் மேல அடுக்கி இருக்கும், அதுல ஒருத்தர் ஆப்சென்ட்டுக்கு 'அ' போட்டிருப்பாரு, ஒருத்தர் வட்டம் போட்டிருப்பாரு, ஒருத்தர் ஒண்ணுமே போடாம காலியா விட்டிருப்பாரு, அது லீவா மறந்துட்டாரான்னு அந்தக்கா போன் பண்ணிக் கேக்கணும். செமஸ்டர் எண்டுல 75 பர்சன்ட் லிஸ்ட் ஒட்டுன அன்னிக்கு "எனக்கு 74.6 தானே, ஒரு நாள் போட்டு விடுங்கக்கா"ன்னு கவுண்டர்ல நிக்கற கூட்டம் தனி. அவங்களுக்கு மெஷின் வந்தா போதும். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்குது, கீழ வரேன்.

பேரண்ட்ஸ் 3. பையன் காலேஜ்தான் போறானான்னு தெரியாத பயம் நெறைய பேருக்கு இருக்கு, எஸ்எம்எஸ் வந்தா நிம்மதிங்கறாங்க. ஆனா அவங்க யாரும் மீட்டிங்குக்கு வரப் போறதில்ல, அதனால 3க்கு மேல போடல.

டைமுக்கு வர்ற ஜூனியர் ஸ்டாஃப் 2. எட்டே முக்காலுக்கு வந்து உக்காந்திருக்கறவங்க, ஒம்பதரைக்கு வந்து ஒம்பதுன்னு கையெழுத்துப் போடறவங்களப் பாத்துட்டு பல்லக் கடிச்சுட்டு இருக்காங்க. ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, எச்ஓடி பக்கத்து சேர்ல இருக்கார்ல.

காலேஜுக்கு கிரேடு போடற நாக் கமிட்டி வந்தா ரெக்கார்டு சுத்தமா இருக்கும் 1. இதப் போன மீட்டிங்ல பெருசா பேசுனோம், என்னக் கேட்டா பெருசு இல்ல. மெடிக்கல் காலேஜுக்கு தேசிய மருத்துவ ஆணையம் ஆதார் பயோமெட்ரிக்க கட்டாயம் ஆக்கிருக்கு, நம்மது ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ், அந்த உத்தரவு நமக்கு வராது. "கவர்மெண்ட்டே சொல்லிருச்சு"ன்னு யாரும் ஸ்டாஃப் மீட்டிங்ல சொல்லிடாதீங்க, உடனே ஆர்டர் காப்பி கேப்பாங்க.

மொத்தம் 15.

தடுக்கறவங்க

பஸ் 5. ஆமா, ஆளு இல்ல, பஸ்ஸுதான் நம்பர் ஒன். சத்தம் போடற ஸ்டூடண்ட்ஸ் லீடர்னு நினைச்சுட்டு இருந்தீங்கன்னா இல்ல. பதினாலு காலேஜ் பஸ்சும் 8.50ல இருந்து 9.05க்குள்ள வந்து நிக்குது, பள்ளிபாளையம் ரூட்டும் குமாரபாளையம் ரூட்டும் மாசத்துல பாதி நாள் 9.15 ஆயிடுது. ஒரு ஆளு விரல் வைக்க அஞ்சு செகண்டுன்னு வச்சா ஒரு மெஷினுக்கு நிமிசத்துக்கு 12 பேர், நாலு மெஷினுக்கு 48. 1,840 பேர் முடிக்க 38 நிமிசம். இது எல்லாருக்கும் மொதத் தடவையே ரேகை எடுத்தாத்தான், ஈர விரல் தொடச்சு தொடச்சு வைக்கறவங்க கணக்கு தனி. மழை நாள்ல கேட்டு வெளிய ரோடு வரைக்கும் க்யூ நிக்கும், மொத ஹவர் யாரும் எடுக்க முடியாது, அப்போ எதுக்க ஆரம்பிக்கறது ஸ்டூடண்ட் இல்ல, மொத ஹவர் இருக்கற ஸ்டாஃப்.

சீனியர் ஸ்டாஃப் 4. "இருபத்திரெண்டு வருசமா இங்க வேலை பாக்கறேங்க, இப்ப வந்து விரலக் காட்டுங்கறீங்க"ன்னு ஒரு எச்ஓடி கேட்டப்ப எனக்கு பதில் வரல. லேட்டா வர்றத மறைக்கத்தான் எதுக்கறாங்கன்னு சொல்றது ஈசி, கொஞ்ச பேருக்கு அது உண்மையும்தான், ஆனா பேப்பர் கட்டு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் ராத்திரி திருத்தறாங்க, அட்மிஷன் டைம்ல ஞாயித்துக்கிழமை ஊர் ஊரா போறாங்க, அதெல்லாம் எந்த மெஷின்லயும் ஏறாது. காலைல பத்து நிமிசம் லேட்டு மட்டும் ஏறும். கோபம் அங்கதான்.

ரேகை எடுக்காத விரல் 4. இத போன மீட்டிங்ல யாருமே பேசல. கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர் அண்ணனையும் தோட்டத்துல வேலை செய்யற ரெண்டு அக்காவையும் வெண்டர் கொண்டாந்த டெமோ மெஷின்ல வைக்கச் சொன்னேன். அண்ணனுக்கு பத்து விரல்ல ரெண்டு மட்டும் எடுத்துச்சு. ஒரு அக்காவுக்கு ஒண்ணுமே எடுக்கல, பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கையாண்டு கையாண்டு ரேகை தேஞ்சே போச்சு. அவங்க சேலைத் தலைப்புல விரலத் தொடச்சுத் தொடச்சு வச்சுட்டு "எடுக்கலீன்னா சம்பளம் புடிச்சுருவாங்களா சார்"னு கேட்டாங்க. நம்ம ஸ்டூடண்ட்ஸ்லயும் நைட்டு தறிப் பட்டறைக்குப் போற பசங்க, சாயப்பட்டறைக்குப் போற பசங்க இருக்காங்க, அவங்க கையும் இப்படித்தான். கல்யாண சீசன்ல மருதாணி வச்சுட்டு வர்றவங்களுக்கும் சில மெஷின் மக்கர் பண்ணும். இவங்க யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க, அதனாலதான் இந்த மார்க்க நான் தூக்கிப் போட்டிருக்கேன்.

டேட்டா பயம் 3. பொலிட்டிக்கல் சயின்ஸ் மேடம் கேட்ட கேள்விக்கு வெண்டர்கிட்டயும் பதில் இல்ல, நம்மகிட்டயும் இல்ல. ரேகை எங்க இருக்கும், வெண்டர் சர்வர்லயா நம்ம சர்வர்லயா, பையன் டிசி வாங்குன பிறகு அழிப்பீங்களா? 2017ல சுப்ரீம் கோர்ட்டு ஒம்பது ஜட்ஜ் பெஞ்சு தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சொல்லியாச்சு, 2018 ஆதார் தீர்ப்புல தனியார் கம்பெனிங்க சட்டப் பின்புலம் இல்லாம ஆதார் கேக்கறதத் தடுத்தாச்சு, 2023ல டேட்டா பாதுகாப்புச் சட்டமும் வந்தாச்சு. பாஸ்வேர்டு லீக் ஆனா மாத்திக்கலாம், விரல மாத்த முடியாதுன்னு மேடம் சொன்னது மனசுல நிக்குது.

கரண்ட்டும் நெட்டும் 3. 2018ல ஸ்டாஃப் ரூம் வாசல்ல மாட்டுன மெஷின ஞாபகம் இருக்கா? நெட்டு போனா பஞ்ச் போகும், ஒருத்தருக்கு நாலு நாள் ஆப்சென்ட்னு வந்து பெரிய ரகளை. 2020 மார்ச்ல கொரோனான்னு நிறுத்துனோம், அப்புறம் ஆன் பண்ணவே இல்ல, இன்னிக்கு அது மேல யாரோ ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு மட்டும் இருக்கு. எல்லாரும் அதக் காட்டித்தான் சிரிக்கறாங்க.

ப்ராக்ஸி பார்ட்டி 2. சத்தம் பெருசு, பலம் கம்மி. வெளிப்படையா "ப்ராக்ஸி போட விடுங்க"ன்னு கேக்க முடியாதுல்ல.

கடைசியா அந்தச் சிக்கல், ஆபீஸ் அக்கா. மெஷின் வந்துட்டா ஓடின்னு சொல்ற ஆன் டியூட்டி, மெடிக்கல், என்சிசி, பஸ் லேட்டு, விரல் எடுக்கல, எல்லாத் திருத்தமும் அவங்க ஒருத்தர் டேபிளுக்குத்தான் வரும். அத நான் சொன்னதும் அவங்க மொகம் மாறிடுச்சு. அதனால ஒரே ஆள இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 2ன்னு ரெண்டுலயும் போட்டிருக்கேன்.

மொத்தம் 23.

இப்ப என்ன பண்றது

15க்கு 23. இதப் பாத்ததும் செகரட்டரி சாருக்கு என்ன தோணும்னு தெரியும், சர்க்குலர் போட்டு, லேட்டுக்கு எல்ஓபின்னு சம்பளத்தப் புடிச்சு, தள்றத 23க்கு மேல ஏத்திடலாம்னு. லெவின் சொன்னதுல முக்கியமானதே இங்கதான் இருக்குது, தள்றத ஏத்துனா மாற்றம் வந்தாலும் டென்ஷனும் கூடவே ஏறும், தடையக் கொறச்சா அது இல்லாமயே நகரும். எல்ஓபின்னு ஒரு வார்த்தை போட்டுப் பாருங்க, சீனியர் ஸ்டாஃப் 4 அன்னிக்கே 5 ஆயிடும், இப்ப நம்ம பக்கம் இருக்கற ஜூனியர்ஸும் அந்தப் பக்கம் போய் நின்னுக்குவாங்க. அதனால நான் கேக்கறது எல்லாம் தடையக் கொறைக்கறது மட்டும்தான்.

கேட்டுல மெஷின் வேண்டாம். ஸ்டூடண்ட்ஸுக்கு பில்டிங் ஃப்ளோர் வாரியா பிரிச்சு வைக்கலாம், இல்லன்னா மொத செமஸ்டர் ஸ்டாஃப் மட்டும்னு வைக்கலாம், எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. ஸ்டூடண்ட்ஸ் வரும்போது பஸ் லேட்ட டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் ஒரே எண்ட்ரியா போட்டா அந்த பஸ்ல வந்த எல்லாருக்கும் தானா சேரணும், இது சாஃப்ட்வேர்ல முடியுமான்னு வெண்டர்கிட்ட எழுத்துல வாங்கணும். பஸ் 5, 2 ஆகும்.

விரல் எடுக்காதவங்களுக்கு கார்டு, அவங்க போய்க் கெஞ்சாம முதல் நாளே கையில குடுத்துடணும். ரெஜிஸ்டர் பண்ணும்போது ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு விரல். 4, 1 ஆகும்.

டேட்டாவுக்கு ஒரு பக்கம் தமிழ்ல நோட்டீஸ்: ஆதார் நம்பர் வாங்க மாட்டோம், ரேகைப் படம் வைக்க மாட்டோம், ரேகைய நம்பரா மாத்துன டெம்ப்ளேட் மட்டும், நம்ம சர்வர், டிசி குடுத்து 30 நாள்ல அழிப்போம், சம்மதக் கையெழுத்து. மேடத்தையே எழுதச் சொல்லுங்க, கேள்வி கேட்டவங்க கைக்கே வேலையக் குடுத்துடலாம். 3, 1 ஆகும். நெட்டு இல்லாட்டியும் உள்ள சேத்து வைக்கற மெஷினும் யூபிஎஸ்சும் வாங்குனா கரண்ட்டு விஷயமும் 1. ஓடி, மெடிக்கல் திருத்தம் டிபார்ட்மெண்ட் லெவல்லயே எச்ஓடி லாகின்ல நடந்தா ஆபீஸ் அக்கா 2, 1 ஆகும்.

சீனியர் ஸ்டாஃப் மட்டும் 4ல இருந்து 3க்குத்தான் வரும், அதுக்கு மேல பொய் சொல்ல விரும்பல. மாசம் ரெண்டு பர்மிஷன், மொத ரெண்டு மாசம் சம்பளத்தோட லிங்க் கிடையாது, ஞாயித்துக்கிழமை அட்மிஷன் வேலைக்கு காம்பென்சேஷன் லீவு, இந்த மூணும் இருந்தாத்தான் அந்த 3ம். ப்ராக்ஸி 2 அப்படியே இருக்கட்டும்.

கூட்டிப் பாத்தா தடை 11, தள்றது அதே 15.

வியாழக்கிழமை முடிவு பண்ண வேண்டியது மூணுதான்: கேட்டா ஃப்ளோரா மொத செமஸ்டர் ஸ்டாஃப் மட்டுமா, சம்பள லிங்க் எப்போ இருந்து, கார்டுக்கு யார் பட்ஜெட். வெண்டர் அன்னிக்கு மெஷினோட வர்றாரு. மொதல்ல செகரட்டரி சார் விரல் வைக்கட்டும், அடுத்து பிரின்சிபல் சார், மூணாவது தோட்டத்து அக்கா, அவங்கள மூணு மணிக்கு மேல கூட்டிட்டு வரேன்னு சொல்லிருக்கேன்.