தாரணிக்கு அப்பா எழுதுவது

மத்திய சிறை, மதுரை
12.10.2025

தாரணிக் குட்டி,

நீ வரைந்து அனுப்பிய விமானம் வந்து சேர்ந்தது. ஜன்னல் ஜன்னலாகப் போட்டு, ஒரு ஜன்னலில் மட்டும் மீசை வைத்த அப்பா. கீழே 'துபாய்ல இருந்து வரும்போது கலர் பென்சில் வாங்கிட்டு வாங்க' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு இந்தப் பொய்யை என்னால் வளர்க்க முடியவில்லை.

அப்பா துபாயில் இல்லை. மதுரையில், ஜெயிலில் இருக்கிறேன். துபாய் என்று உன்னிடம் சொல்லச் சொன்னது நான்தான். அம்மாவையும் அப்பத்தாவையும் கோபித்துக்கொள்ளாதே.

நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது, ஒருநாள் விடிகாலை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போனேன். ராத்திரி குடித்திருந்தேன். போதை தெளியாமலே நம்ம குட்டியானையை எடுத்தேன். எதிரே ஒருவர் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்தார். அவர்மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். ரோடெல்லாம் பால். பயத்தில் நிற்காமல் கொஞ்ச தூரம் போய்விட்டு, அப்புறம்தான் திரும்பி வந்தேன். அவர் பிழைக்கவில்லை. அவருக்கும் உன்னைப்போல ஒரு மகள். கோர்ட்டில் அவள் தன் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா இனி வரவே மாட்டார், தாரணி. நான் வருவேன்.

கேஸ் இரண்டு வருஷம் நடந்தது. போன வருஷம் ஜூனில் ஐந்து வருஷத் தண்டனை கொடுத்தார்கள். யாரும் என்னைப் பொய்யாக மாட்டிவிடவில்லை. தப்பு என்னுடையது. நீ அடம்பிடித்ததாலோ, மார்க் குறைந்ததாலோ அப்பா போகவில்லை. அப்படி ஒருநாளும் நினைக்காதே.

இங்கே சமையல்கட்டில் வேலை. காலையில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்போம். கூலியில் ஒரு பங்கு, என்னைப் போன்றவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதிக்குப் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள். லைட்டை மட்டும் ராத்திரியெல்லாம் அணைக்க மாட்டார்கள். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகிவிட்டேன். யாரும் அடிப்பதில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை, பயப்படாதே.

முழுசாக இருந்தால் நீ எட்டாம் வகுப்புக்குப் போகிற வருஷம் வருவேன். கொஞ்சம் முன்னாடியே விட்டாலும் விடுவார்கள். அதை நம்பி நாள் எண்ண வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், சொல்ல இஷ்டம் இருந்தால் சொல்லு. இல்லையென்றால் 'அம்மாகிட்ட கேளுங்க' என்றுவிடு.

அடுத்த மாசம் அம்மா மனு போட்டு என்னைப் பார்க்க வருவாள். உனக்கு மனசிருந்தால் நீயும் வா. நடுவில் தடுப்பு இருக்கும், உன்னைத் தூக்க முடியாது. கோபமாக இருந்தால் கோபமாகவே பேசு. வரப் பிடிக்கவில்லையென்றால் பரவாயில்லை, லெட்டர் போடு. இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார்கள், அதற்காக எதையும் எழுதாமல் விடாதே.

கலர் பென்சிலை அம்மாவிடம் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு கலர் டப்பா.

உன் அப்பா