திரும்பி வந்த செக்: ஈரோடு நூல் மொத்த வியாபாரம், குறிப்பேட்டுப் பதிவுகள், ஜூன் – ஜூலை 2024

வாடிக்கையாளர்: செல்வராஜ், திருச்செங்கோடு (தறி உரிமையாளர்)
பில் எண் 212, செக் எண் 004317. தவணை 30 நாள். அதற்குள் பணம் கட்டினால் 2% தள்ளுபடி.

10.06.2024

செல்வராஜ் க/கு ப — 84,000
  விற்பனை க/கு — 80,000
  வெளியீட்டு சிஜிஎஸ்டி க/கு — 2,000
  வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு — 2,000
(பில் 212-இன்படி பருத்தி நூல் கடனுக்கு விற்றது, வரி 5%)

05.07.2024

வங்கி க/கு ப — 82,320
அளித்த தள்ளுபடி க/கு ப — 1,680
  செல்வராஜ் க/கு — 84,000
(செக் 004317 பெற்று அன்றே வங்கியில் போட்டது, தவணைக்குள் வந்ததால் 84,000-இல் 2% தள்ளுபடி அளித்தது)

இந்தப் பதிவோடு செல்வராஜ் பேரேடு சுழியாகிவிட்டது. செக் பாஸாகும் முன்பே கணக்கு தீர்ந்ததாகக் காட்டுவது எல்லாக் கடைகளிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் திரும்பி வந்தால் அதை முழுசாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பொறுப்பும் கூடவே வருகிறது.

08.07.2024

செல்வராஜ் க/கு ப — 84,000
  வங்கி க/கு — 82,320
  அளித்த தள்ளுபடி க/கு — 1,680
(செக் 004317, கணக்கில் போதிய பணம் இல்லை என்று வங்கி திருப்பியது, அளித்த தள்ளுபடியும் ரத்து. வங்கியின் ரிட்டர்ன் மெமோ கோப்பில் உள்ளது)

இந்தப் பதிவில்தான் பலரும் இடறுகிறார்கள். வங்கி எடுத்துக்கொண்டது 82,320 என்பதால் வாடிக்கையாளர் பெயரிலும் 82,320 மட்டும் பற்று எழுதிவிட்டால், 1,680 ரூபாய் தள்ளுபடிச் செலவாகவே நின்றுவிடும். பணமே வராத பில்லுக்கு நாம் தள்ளுபடி கொடுத்ததாக ஆண்டுக் கணக்கு சொல்லும். தள்ளுபடி உரிய காலத்தில் பணம் கட்டியதற்கானது. பணம் வரவில்லை, ஆகவே தள்ளுபடியும் இல்லை.

05.07 ரசீதை கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அழித்தாலும் செல்வராஜ் பாக்கி 84,000 என்றுதான் வரும், தொகை சரிதான். ஆனால் வங்கி அறிக்கையில் 05.07-இல் ஒரு வரவும் 08.07-இல் ஒரு பற்றும் நிற்கும். நம் புத்தகத்தில் இரண்டும் இருக்காது. மாதக் கடைசியில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும். அதைவிட முக்கியம், விவகாரம் கோர்ட்டுக்குப் போனால் பேரேட்டு நகலைக் கேட்பார்கள். செக் வந்தது, போட்டோம், திரும்பியது என்ற மூன்றும் அதில் தேதியோடு இருக்க வேண்டும். டாலியில் ரசீது F6-இல் அப்படியே இருக்கட்டும். திரும்பியதை F5-இல் 08.07 தேதியிட்டுத் தனி வவுச்சராகப் போட்டால் போதும்.

08.07.2024

வங்கிக் கட்டணம் க/கு ப — 500
உள்ளீட்டு சிஜிஎஸ்டி க/கு ப — 45
உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு ப — 45
  வங்கி க/கு — 590
(செக் ரிட்டர்ன் கட்டணம் 500, அதன்மேல் 18% வரி 90, வங்கி பிடித்தது)

590-ஐ மொத்தமாகச் செலவில் தள்ளக்கூடாது. வங்கியிடம் நம் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருக்கிறது. 90 ரூபாய் உள்ளீட்டு வரியாக நமக்குத் திரும்பக் கிடைக்கும். ஜிஎஸ்டிஆர்-2பி-யில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை எடுக்க வேண்டும். சிறு தொகைதான், ஆனாலும் வருஷம் முழுக்க வங்கி பிடிக்கும் கட்டணங்களைக் கூட்டினால் சிறிதாக இருக்காது.

09.07.2024

செல்வராஜ் க/கு ப — 500
  வங்கிக் கட்டணம் க/கு — 500
(செக் திரும்பியதால் நமக்கு ஏற்பட்ட வங்கிக் கட்டணத்தை வாடிக்கையாளர் பொறுப்பில் ஏற்றியது; போனில் தெரிவித்து அவர் ஒப்புக்கொண்டார்)

அவரிடம் கேட்பது 500 மட்டும், 590 அல்ல. 90-ஐ அரசிடமிருந்து ஈடு செய்துகொண்டு அதையே வாடிக்கையாளரிடமும் வாங்குவது நியாயம் இல்லை. இந்த 500-க்கு ஜிஎஸ்டி பில் போடவில்லை. செக் திரும்பியதற்காக வாங்கும் தொகை எந்தச் சேவைக்குமான விலை அல்ல, அதற்கு வரி இல்லை என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் (178/10/2022) தெளிவாக்கியிருக்கிறது. தாமதத்துக்கு வட்டி கேட்டிருந்தால் கதை வேறு. அந்த வட்டி சரக்கின் மதிப்போடு சேரும், வரியும் உண்டு. முதலாளி வட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

இன்றைய நிலையில் செல்வராஜ் பாக்கி: 84,500.

12.07.2024 – பணப் பதிவு இல்லை, நினைவுக்கு

செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138-இன்கீழ் நோட்டீஸ் பதிவுத் தபாலில் அனுப்பியது. மெமோ வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கைக்குக் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. நோட்டீஸில் செக் தொகை 82,320 என்று தனியாக எழுதி, அதைத்தான் கேட்டிருக்கிறோம். பேரேட்டுப் பாக்கி 84,500 என்று மொத்தமாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுத்ததாகும். தள்ளுபடி ரத்தான 1,680-உம் கட்டணம் 500-உம் நம் கணக்கு வழக்கு. அவற்றைத் தனிக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறோம். தபால் 15.07-இல் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒப்புகை அட்டை கோப்பில்.

26.07.2024

வங்கி க/கு ப — 50,000
  செல்வராஜ் க/கு — 50,000
(பாக்கியில் ஒரு பகுதி நெஃப்ட் மூலம் வந்தது)

மீதிக்கு இன்னொரு செக் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. ஆன்லைனில் போடச் சொன்னோம், மூன்று நாளில் போட்டும்விட்டார்.

29.07.2024

வங்கி க/கு ப — 34,500
  செல்வராஜ் க/கு — 34,500
(பில் 212 மீதி 34,000, வங்கிக் கட்டணம் 500, நெஃப்ட் மூலம் பெற்று முழுவதும் தீர்த்தது)

தள்ளுபடி 1,680-ஐக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். 10.07-உடன் தவணை முடிந்துவிட்டது, அதனால் இல்லை. பணம் முழுசாக வந்ததால் மூலச் செக்கையும் ரிட்டர்ன் மெமோவையும் அவரிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்கினோம். நகல்கள் நம் கோப்பில்.

செல்வராஜ் க/கு, பேரேடு

| தேதி | விவரம் | பற்று | வரவு | பாக்கி |
|---|---|---|---|---|
| 10.06 | விற்பனை, பில் 212 | 84,000 | | 84,000 ப |
| 05.07 | செக் 82,320, தள்ளுபடி 1,680 | | 84,000 | 0 |
| 08.07 | செக் திரும்பியது, தள்ளுபடி ரத்து | 84,000 | | 84,000 ப |
| 09.07 | வங்கிக் கட்டணம் | 500 | | 84,500 ப |
| 26.07 | நெஃப்ட் | | 50,000 | 34,500 ப |
| 29.07 | நெஃப்ட் | | 34,500 | 0 |
| | மொத்தம் | 1,68,500 | 1,68,500 | |

வங்கிப் பக்கம் ஒத்துப் பார்த்தது: வரவு 82,320 + 50,000 + 34,500 = 1,66,820. பற்று 82,320 + 590 = 82,910. நிகரமாக வந்தது 83,910. பில் தொகை 84,000-க்கும் இதற்கும் உள்ள 90 ரூபாய் வித்தியாசம் உள்ளீட்டு வரிக் கணக்கில் நிற்கிறது. ஜூலை ஜிஎஸ்டிஆர்-3பி-யில் எடுக்க வேண்டும். இந்தப் பில்லைப் பொறுத்தவரை தள்ளுபடிக் கணக்கிலும் வங்கிக் கட்டணக் கணக்கிலும் எதுவும் மிஞ்சவில்லை.

செல்வராஜுக்கு அடுத்த பில் முதல் கடன் தவணை இல்லை. பணம் வந்த பிறகே லோடு. முதலாளி சொன்னபடி வாடிக்கையாளர் பட்டியலில் 30.07-இல் குறித்தது.