காசிமேட்டு மெக்கானிக் அண்ணனிடம் ஓர் அறிமுகம்

அக்கா, வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் இருந்து பேசுகிறேன், உங்கள் தம்பியோடு ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவன். உங்கள் விசைப்படகுக்கு இன்ஜின் வேலை பார்க்கும் காசிமேட்டு அண்ணனிடம் வேலை கற்றுக்கொள்ள ரொம்ப ஆசை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் நின்று, இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பது அப்போதுதானே? அவருக்கு உதவிக்கு ஓர் ஆள் தேவைப்படலாம்.

நீங்கள் சிபாரிசு செய்ய வேண்டாம் அக்கா. கீழே இருப்பதை அவருக்கு ஃபார்வர்ட் செய்தால் போதும். சரி என்றால் அவர் நம்பரைக் கொடுங்கள், இல்லையென்றால் பரவாயில்லை.

"அண்ணா, டீசல் மெக்கானிக் முடித்திருக்கிறேன். தடைக்காலம் முழுக்க உங்களிடம் உதவிக்கு வரலாமா? ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, ஆயில் துடைப்பது, எதுவானாலும் செய்வேன்."