7-வது கணக்கு: படத்துல என்ன இருக்கு?

தம்பி, திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுலயே நின்னு உன் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். உன் கை நிழல் சரியா வட்டத்து மேலயே விழுந்திருக்கு. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், எழுதிக்கோ.

மையம் O. வெளியில P. அங்கிருந்து PA, PB ரெண்டும் தொடுகோடு. இதைக் கேள்வியிலயே சொல்லியிருக்கு. ∠APB = 50°. C பெரிய வில்லின் மேல இருக்கு. கேட்டிருக்கறது ∠ACB.

OA பக்கத்துல இருக்கற எண் மடிப்புல மாட்டி 1 மாதிரியும் தெரியுது, 7 மாதிரியும் தெரியுது. மேல "விட்டம் 14 செ.மீ" இருக்கே, அப்போ ஆரம் 7 செ.மீ தான். ஆனா கோணம் கண்டுபிடிக்க அது தேவையே இல்ல, சும்மா குழப்பத்தான் கொடுத்திருக்காங்க.

செங்கோணக் குறி A-கிட்ட மட்டும்தான் போட்டிருக்கு. B-லயும் 90° தான், தொடுபுள்ளிக்கு வர்ற ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து. OA = OB, PA = PB, இதையும் படத்துல போடல, நாமதான் எழுதணும்.

இப்போ ஜாக்கிரதை. C, O, P ஒரே கோட்டுல இருக்கற மாதிரி வரைஞ்சிருக்கு. எங்கயும் சொல்லல, அதனால CA = CB-ன்னு எழுதிடாதே. P-யும் பார்க்க 70° மாதிரி விரிஞ்சிருக்கு. அளவு எடுத்து வரைஞ்ச படம் இல்ல, எழுதியிருக்கற 50°-ஐயே வச்சுக்கோ.

OAPB நாற்கரத்துல ∠AOB = 360° − 90° − 90° − 50° = 130°. மிச்சத்தை நீ போடு, 65° வரணும்.

8-வது கணக்கை வாசல்ல வச்சு இன்னொரு தடவை எடுத்து அனுப்பு.